டிவிடெண்ட் தள்ளிப்போகிறது என்று முதலீட்டாளர்களுக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: "டர்பன் பக்கம் ஒரு சின்ன குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறோம். பங்கு போட்டவர்கள் 46 பேர், பெரும்பாலும் தெரிந்த குடும்பங்கள். செப்டம்பர் 30 அன்று பங்குக்கு 1 ராண்ட் 50 சென்ட் டிவிடெண்ட் தருவதாக ஆகஸ்ட் 12 அன்று தீர்மானம் போட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். இப்போது முடியாது. பெரிய வாடிக்கையாளர் 240,000 ராண்ட் பாக்கி வைத்திருக்கிறார். கம்ப்ரெஸர் மாற்றியதில் 330,000 போய்விட்டது. பாதியை அக்டோபர் கடைசியில் தரலாம் என்று இருக்கிறோம். கீழே உள்ள கடிதத்தைக் கொஞ்சம் செதுக்கித் தர முடியுமா? கம்ப்ரெஸர் சர்வீஸை நாங்கள்தான் இரண்டு முறை தள்ளிப்போட்டோம். அதையும் எழுத வேண்டுமா?

'அன்புள்ள முதலீட்டாளர்களுக்கு, நாட்டில் நிலவும் மின்வெட்டு மற்றும் தவிர்க்க முடியாத சில காரணங்களால் இவ்வாண்டுக்கான டிவிடெண்ட் வழங்குவதில் சிறிது தாமதம் ஏற்பட்டுள்ளது. நிறுவனம் வலுவான நிலையில் உள்ளது. பாதித் தொகை அக்டோபர் மாத இறுதிக்குள்ளும் மீதித் தொகை கூடிய விரைவிலும் வழங்க ஆவன செய்யப்படும். சிரமத்திற்கு வருந்துகிறோம்.'"

பதில்:

சர்வீஸ் விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று கீழே காட்டுகிறேன். ஆனால் வாசகத்தைத் தொடும் முன் கணக்கைத் தொட வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தருவது அதன் தமிழ் இல்லை, 'பாதித் தொகை அக்டோபர் மாத இறுதிக்குள்' என்ற வாக்கு. கீழே மற்றவர்கள் கேட்டதற்கு நீங்கள் தந்த எண்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது.

டர்பனில் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய எழுதியிருக்கிறேன். ஆரம்பத்தில் நான் எழுதியதும் உங்கள் கடிதம் போலத்தான் இருந்தது. ஒரு கம்பெனிக்காக 'கூடிய விரைவில்' என்று எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை நாலாக மடித்தபடி எடுத்து மேஜையில் விரித்தார். 'விரைவில்' என்ற சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். "தம்பி, இது எத்தனை நாள்?" என்று கேட்டார். வீட்டுக் கூரையைச் சரிசெய்ய ஆளுக்குச் சொல்லிவிட்டாராம், அவனுக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும். என்னிடம் தேதி இல்லை. ஏனென்றால் கடிதம் எழுதும்போது நான் பணவரவுக் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. அன்றிலிருந்து கணக்குத் தாளைப் பக்கத்தில் வைக்காமல் இப்படி ஒரு கடிதத்தை நான் தொடங்குவதில்லை.

சரி, உங்கள் தாளைப் பார்ப்போம். மொத்தம் 420,000 பங்கு. பங்குக்கு 1.50 என்றால் 630,000 ராண்ட். இதில் 20 சதவீதம், அதாவது 126,000, டிவிடெண்ட் வரியாக சார்ஸ் என்கிற வருவாய்த் துறைக்குப் போக வேண்டும். அதைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு கம்பெனியுடையது. ஆக, பங்குதாரர் கைக்குப் போக வேண்டியது 504,000, பங்குக்கு 1 ராண்ட் 20 சென்ட். செப்டம்பர் 30 அன்று வங்கியில் 310,000 இருக்கும் என்கிறீர்கள். சம்பளம், மின்கட்டணம், காப்பீடு இவற்றுக்காக எப்போதும் 250,000 வைத்திருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. நல்ல விதி, அதில் கை வைக்காதீர்கள். அப்படியென்றால் அன்றைக்கு உண்மையில் எடுக்கக்கூடியது 60,000 மட்டும். பெரிய வாடிக்கையாளர் ஒரு ராண்ட் கூடத் தராவிட்டாலும் மாதம் 150,000 மிஞ்சும் என்கிறீர்கள். அவர் பாக்கியை அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் 10-ஆம் தேதி 80,000 வீதம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவர் சொன்னபடி கொடுத்தால் அக்டோபர் 31 அன்று உங்களிடம் 290,000 இருக்கும். நீங்கள் நினைத்த பாதித் தொகை 252,000. பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே அக்டோபர் 31 அன்று வரியும் நிற்கிறது. அதுவும் பாதி வரி இல்லை, முழு 126,000.

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். கம்பெனி எந்த மாதத்தில் டிவிடெண்ட் 'கொடுத்ததோ', அதற்கு அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் வரியைக் கட்ட வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடாத கம்பெனிக்கு 'கொடுத்த நாள்' என்பது பணம் வங்கியில் போன நாளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பணம் போன நாள், பணம் கொடுபட வேண்டியதாக ஆன நாள், இந்த இரண்டில் எது முந்தியதோ அதுதான். உங்கள் தீர்மானம் செப்டம்பர் 30 என்று நாள் குறித்துவிட்டது. அந்த நாள் வந்ததும், பங்குதாரர் கைக்கு ஒரு சென்ட் போகாவிட்டாலும், முழுத் தொகையும் கொடுக்கப்பட்டதாகவே வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இன்னும் எட்டு நாள் இருக்கிறதே, இயக்குநர்கள் அதற்குள் கூடி நாளை மாற்றித் தீர்மானம் போட்டால் வரியும் தள்ளிப்போகுமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் ஆகஸ்ட் தீர்மானத்தின் சரியான வாசகத்தையும் கம்பெனியின் அமைப்பு விதி ஆவணத்தையும் பார்க்காமல் அதற்கு நான் 'ஆம்' சொல்ல மாட்டேன். இரண்டையும் உங்கள் வரி ஆலோசகரிடம் இந்த வாரமே காட்டுங்கள். அவர் எழுத்தில் 'தள்ளிப்போகும்' என்று சொல்லும் வரை, அக்டோபர் 31 அன்று 126,000 கட்டியாக வேண்டும் என்றே கணக்குப் போடுங்கள். உங்கள் பங்குதாரர்களில் யாராவது தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் பெயரில் பங்கு வைத்திருந்தால், அவர்கள் உரிய படிவத்தை முன்கூட்டியே தந்திருக்கும் பட்சத்தில், அந்தப் பங்குக்கு வரி பிடிக்க வேண்டியதில்லை. அப்போது இந்தத் தொகை கொஞ்சம் குறையும்.

இனி அட்டவணை. நான் வைத்துக்கொள்ளும் வழக்கம் இது: முதல் இரண்டு தவணையும் அடுத்தவர் வாக்கை நம்பி இருக்கக் கூடாது. ஒரு முறை தள்ளிப்போட்டவரை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். புதிதாகச் சொன்ன முதல் தேதியும் தவறினால் அப்புறம் நீங்கள் எழுதும் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் வாடிக்கையாளர் ஒன்றுமே தரவில்லை என்று வைத்துக்கொண்டு போடுவோம். அக்டோபர் 31 அன்று 60,000-உம் 150,000-உம் சேர்ந்து 210,000. வரி 126,000 போக மிச்சம் 84,000. அதைப் பங்குக்கு வகுத்தால் சரியாக 20 சென்ட். நவம்பரில் இன்னொரு 150,000 வரும். அதில் பங்குக்கு 35 சென்ட், அதாவது 147,000, தரலாம். பாக்கி 65 சென்ட், 273,000. டிசம்பர் வருமானம் வந்தபின் ஜனவரி 15 அன்று உங்கள் சொந்தப் பணம் 153,000 இருக்கும். குறைவது 120,000. வாடிக்கையாளர் வைத்திருக்கும் பாக்கியில் அது சரிபாதி. அவர் பாதி கொடுத்தாலே கடைசித் தவணையை முழுதாகத் தந்துவிடலாம். ஒன்றுமே கொடுக்காவிட்டால், ஜனவரி 15 அன்று 35 சென்ட் தந்துவிட்டு, மீதி 30 சென்டை ஜனவரி வருமானத்திலிருந்து 30-ஆம் தேதி தர முடியும்.

பாதி, பாதி என்று இருந்ததை 20, 35, 65 என்று மாற்றினால் முதல் தவணை ரொம்பச் சிறிதாகத் தெரியும் என்று உங்களுக்குத் தோன்றும். தெரியட்டும். தீபாவளிச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருப்பவர்கள் உங்கள் 46 பேரில் நிச்சயம் சிலர் இருப்பார்கள். 20 சென்ட்தான் வரும் என்று இன்றைக்கே தெரிந்தால் அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். பாதி வரும் என்று நம்பவைத்துவிட்டு அக்டோபர் 31 அன்று கையை விரிப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் கெடுதல்.

ஜனவரி 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 71-ஆம் எண் சட்டம், 46-ஆம் பிரிவில் ஒரு கால அளவு வைத்திருக்கிறது. கம்பெனியின் சொத்து கடனைவிடக் குறையாமல் இருக்கிறதா, அடுத்த 12 மாதத்துக்கு வர வேண்டிய கடன்களை அந்தந்த நேரத்தில் கட்ட முடியுமா என்று இயக்குநர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 120 வேலை நாட்களுக்குள் டிவிடெண்ட் முழுவதும் கொடுத்து முடியவில்லை என்றால், அந்தச் சோதனையை அவர்கள் மறுபடியும் செய்ய வேண்டும். ஆகஸ்ட் 12-இலிருந்து சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் கழித்து எண்ணினால் பிப்ரவரி முதல் நாட்களில் போய் நிற்கிறது. ஜனவரி 30 அதற்குள் அடங்குகிறது, ஆனால் இடைவெளி மிகக் குறைவு. சட்டம் 120 நாளுக்குப் பிறகுதான் மறுசோதனை கேட்கிறது என்றாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதே ஒருமுறை செய்து பதிவேட்டில் எழுதிவைப்பேன். ஆகஸ்டில் நீங்கள் பார்த்த கம்பெனி வேறு, இன்றைய கம்பெனி வேறு. சோதனையில் தேறாது என்று தெரிந்தே பணம் கொடுக்கச் சம்மதிக்கும் இயக்குநர் சொந்தப் பொறுப்பில் மாட்டிக்கொள்ள இடமுண்டு.

இதனால்தான் 'நிறுவனம் வலுவான நிலையில் உள்ளது' என்ற வரியை எடுத்துவிடச் சொல்கிறேன். சொன்ன நாளில் பணம் தர முடியாத கடிதத்தில் அந்த வரியைப் படிப்பவர், மற்ற வரிகளையும் சந்தேகப்படத் தொடங்குவார். அதற்குப் பதில் அவரே எடைபோடக்கூடிய ஒரு எண்ணைக் கொடுங்கள். மாதம் செலவு போக 150,000 மிஞ்சுகிறது என்பது போதும்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். மின்வெட்டை எடுத்துவிடுங்கள். 2022, 2023-இல் மின்வெட்டு இந்த நாட்டில் எல்லாத் தொழிலையும் வாட்டியது. அதனால் எந்தத் தாமதத்துக்கும் அதைச் சொல்வது நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் 2024 மார்ச் கடைசியில் அரசு மின் நிறுவனமான எஸ்கொம் அதை நிறுத்தி, பத்து மாதத்துக்கு மேல் மின்வெட்டே இல்லாமல் ஓட்டியது. எந்த நாளில், எந்தப் பகுதியில், எத்தனை மணி நேரம் கரண்ட் போனது என்று கைபேசிச் செயலியில் பார்த்துப் பழகிய மக்கள் இவர்கள். உங்கள் பணம் போனது கம்ப்ரெஸருக்கும் பாக்கிக்கும்தான். முன்பு இருந்த மின்வெட்டில் ஓடி நின்று ஓடி நின்று கம்ப்ரெஸர் தேய்ந்திருக்கலாம், அது நடக்கக்கூடியதுதான். பழுது பார்த்த மெக்கானிக் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அது உங்கள் ஊகம், கடிதத்தில் அதற்கு இடமில்லை.

'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்பது நம் மொழியில் கல்யாணம் நின்றாலும் பஸ் நின்றாலும் எழுதப்படும் தொடர். இங்கே அது வெறும் பூச்சு மட்டும் இல்லை, பொய்யாகவும் ஆகிவிடுகிறது. சர்வீஸை இரண்டு முறை தள்ளிப்போட்டோம் என்று நீங்களே என்னிடம் சொல்கிறீர்கள். கிடங்கில் வேலை செய்யும் பையன்களுக்கு அது தெரியும், மெக்கானிக்குக்குத் தெரியும். 46 குடும்பங்களில் ஒருவராவது அவர்களில் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பார். உங்கள் வாயிலிருந்து ஒரு வரியில் வந்தால் அது ஒரு தவறு. ஆறு மாதம் கழித்து வேறு வாயிலிருந்து வந்தால் மறைத்துவிட்டார்கள் என்றாகிவிடும்.

ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்த வேண்டும். என்ன செய்தோம், அதனால் என்ன ஆனது, இப்போது என்ன மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். 'சர்வீஸ் தள்ளிப்போடப்பட்டது' என்று எழுதாதீர்கள். அந்தப் 'பட்டது'வில் யார் தள்ளிப்போட்டார் என்பது காணாமல் போகிறது. 'நாங்கள் தள்ளிப்போட்டோம்' என்று எழுதுங்கள். நேரத்தில் செய்திருந்தால் கம்ப்ரெஸர் கண்டிப்பாகப் பிழைத்திருக்கும் என்றும் எழுதாதீர்கள். அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தன் தவறு என்று ஒப்புக்கொள்வதும் உண்மை பேசுவது ஆகாது. 'அது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறோம்' என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு.

வாடிக்கையாளர் விஷயத்தில் நேர்மைக்கு வேறு எல்லை. அவர் பெயரை எழுதாதீர்கள். 'ஏமாற்றுகிறார்', 'திவாலாகப் போகிறார்' என்ற மாதிரி எதுவும் வேண்டாம். அவரோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, தவணைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். கடிதம் அவர் கைக்கும் போய்ச் சேரும் என்று நினைத்தே எழுதுங்கள். எவ்வளவு பாக்கி, எப்போது தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்ற இரண்டும் போதும்.

தேதியில் ஒரு சின்ன விஷயம். 'மாத இறுதிக்குள்' என்றால் சிலர் 25-ஆம் தேதியிலிருந்தே போன் செய்வார்கள். நாளைச் சொல்லுங்கள். அது நீங்கள் வங்கியில் அனுப்பும் நாளா, அவர்கள் கணக்கில் தெரியும் நாளா என்றும் சொல்லுங்கள். வேறு வங்கிக் கணக்குக்குப் போக ஒரு வேலை நாள் ஆகலாம், சில நேரம் இரண்டு. அந்த ஒரு நாளுக்காக 20 போன் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் வைத்து எழுதினால் கடிதம் இப்படி வரும்:

"அன்புடையீர், செப்டம்பர் 30 அன்று தருவதாகச் சொன்ன டிவிடெண்டை அன்று எங்களால் தர முடியாது. தொகை மாறவில்லை. பங்குக்கு 1 ராண்ட் 50 சென்ட்டில் 20 சதவீத வரி போக உங்களுக்கு வர வேண்டியது 1 ராண்ட் 20 சென்ட். அதை மூன்று தவணையாகத் தருகிறோம்: அக்டோபர் 31 அன்று 20 சென்ட், நவம்பர் 28 அன்று 35 சென்ட், ஜனவரி 15 அன்று 65 சென்ட். உங்கள் 3,000 பங்குக்கு இது 600, 1,050, 1,950 ராண்ட், மொத்தம் 3,600. இவை நாங்கள் வங்கியில் அனுப்பும் நாட்கள். உங்கள் கணக்கில் தெரிய ஒன்று அல்லது இரண்டு வேலை நாள் ஆகலாம்.

தாமதத்துக்குக் காரணம் இரண்டு. ஆகஸ்டில் கம்ப்ரெஸர் பழுதாகி அதை மாற்ற 330,000 ராண்ட் செலவானது. இந்த ஆண்டு அதன் சர்வீஸை நாங்கள் இரண்டு முறை தள்ளிப்போட்டோம்; பழுதுக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். இனி சர்வீஸுக்கான பணத்தை மாதாமாதம் தனியாக எடுத்துவைக்கிறோம். இரண்டாவது, ஒரு பெரிய வாடிக்கையாளர் 240,000 ராண்ட் பாக்கி வைத்திருக்கிறார். டிசம்பர் 10-க்குள் மூன்று தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முதல் இரண்டு தவணைக்கு அந்தப் பணத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மாதம் செலவு போக மிஞ்சும் சுமார் 150,000 ராண்டிலிருந்து அவற்றைத் தருகிறோம். மூன்றாவது தவணைக்கு அவர் பாக்கியில் பாதியாவது வர வேண்டும். வராவிட்டால் ஜனவரி 15 அன்று 35 சென்டும் ஜனவரி 30 அன்று 30 சென்டும் தருவோம். எது என்பதை டிசம்பர் 12 அன்று உங்களுக்கு எழுதுகிறோம். இதைத் தருவதற்காகக் கடனோ புதிய முதலீடோ வாங்கவில்லை. ஒரு வாரம் முன்னால்தான் சொல்கிறோம் என்பதற்காக மன்னிப்புக் கேட்கிறோம்."

'ஆகஸ்டில்' என்று நான் போட்டதை மட்டும் சரிபாருங்கள். கம்ப்ரெஸர் பழுதான தேதியை நீங்கள் சொல்லவில்லை. அது ஆகஸ்ட் 12-க்கு முந்தியதாக இருந்தால் கதையே மாறுகிறது. பழுது தெரிந்த பிறகும் டிவிடெண்ட் அறிவித்தீர்களா என்று ஒருவர் கேட்பார், அதற்குக் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும். அப்படியானால் அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரும் பார்ப்பது நல்லது.

கடன், புதிய முதலீடு பற்றிய வரியை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். புதிதாகச் சேர்ந்தவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கும் திட்டங்களில் பணம் போட்டு இழந்த குடும்பங்கள் நம் மக்களிடையே உண்டு. தாமதம் என்றதும் அவர்கள் மனதில் வரும் முதல் பயம் அதுதான். அந்த வரி உண்மையாக இருக்கும் வரைதான் அதை எழுதலாம். நீங்கள் வங்கியில் ஓவர்டிராஃப்ட் வாங்கித் தருவதாக இருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எழுதியது முழுவதும் பங்குக்கான டிவிடெண்டுக்குப் பொருந்தும். மாதம் இவ்வளவு என்று நிலையான வருமானம் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்கியிருந்தால் அது வேறு சட்டத்துக்குள் போகிறது. அதைக் கடிதத்தால் தீர்க்க முடியாது.

தாமதத்துக்கு வட்டி உண்டா என்று யாராவது கேட்பார்கள். இயக்குநர்கள் கூடி உண்டு அல்லது இல்லை என்று முடிவுசெய்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். 'பரிசீலிக்கிறோம்' என்று எழுதினால், கிடைக்கும் என்றுதான் பாதிப் பேர் படிப்பார்கள்.

அனுப்பும் முன் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம், உங்கள் அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ, ஒருமுறை படிக்கக் கொடுங்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு எவ்வளவு வரும், எந்தெந்த நாளில், எது நடந்தால் அது மாறும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் கடிதம் தயார். தமிழ் படிக்க வராத குடும்பங்களுக்காக ஆங்கிலத்திலும் எழுதுவீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்களையும் தேதிகளையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். ஒன்றில் 'தருகிறோம்', இன்னொன்றில் 'தர முயல்கிறோம்' என்று இருந்தால் சண்டை அங்கே தொடங்கும்.

46 பேருக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். நெருங்கிய சொந்தம் என்பதற்காக ஒருவருக்கு முன்கூட்டிச் சொல்வதோ, கஷ்டம் என்று வருபவருக்கு மட்டும் முழுத் தொகையைத் தருவதோ வேண்டாம். பங்குக்கு இவ்வளவு என்ற கணக்கு எல்லோருக்கும் ஒரே நாளில் ஒன்றாக இருக்க வேண்டும். உண்மையாகவே அவசரத்தில் இருப்பவருக்கு உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கைமாற்றாகக் கொடுங்கள், கம்பெனிக் கணக்கிலிருந்து வேண்டாம்.

செப்டம்பர் 30 வரை காத்திருக்காமல் நாளையே அனுப்புங்கள். டிசம்பர் 12 அன்று வாடிக்கையாளர் பணம் முழுவதும் வந்திருந்தாலும், சொன்னபடி ஜனவரி 15 அன்று 65 சென்ட் வரும் என்ற ஒரு வரிச் செய்தியைக் கட்டாயம் அனுப்புங்கள். ஆங்கிலக் கடிதம் தயாரானதும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.